ஆடுபுலிக்கு ஆப் வேணாம், எண் போதும்

"சாப்பிட்டியா மனே?" "ஓம் அம்மம்மா." கனடாவில இருக்கிற அம்மம்மாவும் சொறிக்கல்முனையில இருக்கிற பேரப்பிள்ளையும் வீடியோ கோலில பேசினா, அதுக்குப் பிறகு ரெண்டு பக்கமும் அமைதி. அதுக்குத்தான் ஒரு விளையாட்டு வேணும் என்கிறோம்.

பல்லாங்குழி சரிவராது. ஒரே தரத்தில பல குழிகளில காய் விழும். நடுவில படம் உறைஞ்சா கணக்குப் பிழைக்கும். தாயத்தில விழுந்த எண்ணைக் கமரா காட்டாட்டி சண்டைதான். ஆடுபுலியில ஒரு தரத்துக்கு ஒரு காய்தான் அசையும். அதை வாயாலேயே சொல்லலாம்.

ரெண்டு வீட்டிலும் ஒரே கட்டத்தைக் கீறி, 23 புள்ளிகளுக்கும் உச்சியில 1 தொடங்கி, வரிவரியா இடமிருந்து வலமா எண் போடுங்க. 3 புலி, 15 ஆடு. அவரவர் பலகையில எல்லாக் காயும் இருக்கும். "புலி 4-இலிருந்து 16, 10-இல் நிண்ட ஆடு போச்சு" என்று அம்மம்மா சொன்னா, பிள்ளை அதைத் திருப்பிச் சொல்லணும். சொன்னாத்தான் அந்த நகர்த்தல் செல்லும். லைன் வெட்டுப்பட்டால் பிழைக்கிறது இந்த இடத்தில்தான்.

ஆடுகளை மட்டும் எண்ணிப் பார்த்தால் இடம் மாறினது தெரியாது. அதனால ஐந்து தரத்துக்கு ஒருக்கா மூன்று புலியும் எல்லா ஆடுகளும் நிக்கிற எண்களை வாசியுங்க. ஒத்துவராட்டி அந்த ஐந்து தரத்துக்குள்ளதான் பிழை.

டொரன்டோவில கோடைகாலக் காலை 8 மணி, எங்களுக்கு மாலை 5.30, குளிர்காலத்தில 6.30. ஆட்டம் முடியாட்டி நிக்கிற எண்களை எழுதி வையுங்க. நாளைக்கு ஒரு வொய்ஸ் மெசேஜிலும் அடுத்த நகர்த்தல் வரலாம். ஆப் செய்யிறதை விட, இந்த எண் தாளைத் தபாலில அனுப்புறதுதான் முதல் வேலை.