சின்னம்மாவின் ஆடுசதையும் ஒரு சின்ன மாத்திரையும்



கீரமங்கலம் பக்கம் பூந்தோட்டம் வைத்திருக்கும் என் சின்னம்மாவுக்கு வயது 63. 1991-இல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது சைக்கிள் ஓட்டக் கற்ற ஆயிரக்கணக்கான பெண்களில் அவரும் ஒருவர். பூக்கூடையைக் கேரியரில் கட்டிக்கொண்டு வருடக்கணக்காக மிதித்த கால்கள் அவை. போன சித்திரையில் ஒரு நாள் விடியற்காலை போன் செய்து, "ராத்திரி ரெண்டு மணிக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடிச்சுக்குது தம்பி. உயிரே போயிட்டு வருது" என்றார். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, மூன்று வாரமாகத் தினமும்.

அறுபதைத் தாண்டியவர்கள் பலருக்கு இந்தக் குரக்குவலி பழக்கம்தான். தூக்கத்தில் பாதம் தானாகக் கீழ்நோக்கி நீண்டுவிடுகிறது. அப்போது ஆடுசதை சுருங்கிய நிலையில் கிடக்கும். அந்த நேரத்தில் நரம்பு தவறாகத் தூண்டினால், ஏற்கெனவே சுருங்கிய சதை இன்னும் சுருண்டு கல்லாகிவிடும். தொட்டால் உருண்டையாகக் கையில் தட்டுப்படும். சில நிமிடங்களில் விட்டுவிடும், ஆனால் மறுநாள் முழுக்க அந்த இடம் அடிபட்டதுபோல் வலிக்கும். பெரும்பாலோருக்கு இதற்கு மேல் காரணம் எதுவும் கிடைப்பதில்லை, ரத்தப் பரிசோதனையும் சரியாகவே இருக்கும்.

சின்னம்மா விஷயத்தில் என்னை யோசிக்க வைத்தது "மூன்று வாரமாக" என்ற சொல். அதற்கு முன் இல்லாதது அப்போது மட்டும் ஏன் வந்தது? மாத்திரை அட்டைகளை எடுத்து வரச் சொன்னேன். பல வருடமாகச் சாப்பிடும் பிரஷர் மாத்திரையோடு, பங்குனிக் கடைசியில் இன்னொன்று சேர்ந்திருந்தது: குளோர்தாலிடோன், 12.5 மில்லிகிராம். பிரஷர் அடங்காததால் சேர்த்தது. நம்மவர்கள் 'நீர் மாத்திரை' என்று சொல்லும் வகை. உடம்பின் உப்பையும் நீரையும் சிறுநீர் வழியாக வெளியேற்றிப் பிரஷரை இறக்கும் நல்ல மருந்துதான். ஆனால் வயதான சிலருக்கு ரத்தத்தில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் அளவுக்கு மீறிக் குறைத்துவிடும்.

கேட்கக் கேட்க மற்றவையும் வெளியே வந்தன. காலையில் எழுந்தால் தலை கிறுகிறுப்பு, சாப்பாட்டைக் கண்டால் குமட்டல். யாரோ 'தண்ணி பத்தலை, அதான் இழுக்குது' என்று சொல்ல, படுக்கும் முன் இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பிரஷருக்காக உப்பை ஏற்கெனவே பாதியாகக் குறைத்திருந்தார். உப்பு வெளியே போகிறது, உள்ளே வரவில்லை, இருக்கிற கொஞ்சமும் வெறும் தண்ணீரில் கரைகிறது.

மருத்துவர் சோடியம் பார்க்கச் சொன்னார். 135-க்குக் குறையாமல் இருக்க வேண்டியது 128 இருந்தது. அவர் அந்த மாத்திரையை நிறுத்தி வேறு வகைக்கு மாற்றினார், தண்ணீரையும் அளவாகக் குடிக்கச் சொன்னார். பத்து நாள் கழித்துப் பார்த்தபோது 136. தலைசுற்றல் போய்விட்டது. தினமும் வந்த இழுப்பு வாரத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைந்தது.

தண்ணீர் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள், ஒதுங்க இடமில்லை என்பதற்காகப் பகல் முழுக்கக் குடிக்காமல் இருந்துவிட்டு ராத்திரி சேர்த்துக் குடிக்கிறார்கள். வியர்வையில் போவது நீர் மட்டுமல்ல, உப்பும்தான். நூறு வருடத்துக்கு முன்பே, 1920-களில், இங்கிலாந்து நிலக்கரிச் சுரங்கங்களில் இதைக் கவனித்தார்கள். சூட்டில் வேலை செய்து வெறும் தண்ணீரை நிறையக் குடித்த தொழிலாளிகளுக்குச் சதைப்பிடிப்பு வந்தது. தண்ணீரில் கொஞ்சம் உப்புச் சேர்த்துக் கொடுத்ததும் குறைந்தது. நம் வீட்டு நீராகாரமும் உப்புப் போட்ட மோரும் அதே வேலையைச் செய்பவை. வெயிலில் வேலை செய்பவர்கள் அதைப் பகலிலேயே, வேலையின் ஊடே குடிக்க வேண்டும். ஆனால் பிரஷர், இதயம், சிறுநீரகம் இவற்றில் தொல்லை இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது. வெயிலே படாமல் வீட்டில் இருப்பவருக்கு வரும் இழுப்பு, சொம்பு சொம்பாகக் குடிப்பதால் போய்விடாது.

மீதி இருந்த இழுப்புக்குச் சின்னம்மாவுக்குக் கைகொடுத்தது சுவர். 2012-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், 55 வயதைக் கடந்த 80 பேரில் ஒரு பாதியினர் படுக்கப் போகும் முன் தினமும் ஆடுசதையையும் பின் தொடையையும் நீட்டிப் பயிற்சி செய்தார்கள். ஆறு வாரத்தில் அவர்களுக்கு இழுப்பு எண்ணிக்கை தெளிவாகக் குறைந்தது. எல்லா ஆய்விலும் இப்படி வரவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் மூன்று நிமிடம்தான் ஆகும், காசும் இல்லை.

சுவரைப் பார்த்து இரண்டடி தள்ளி நில்லுங்கள். உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி, முழங்கால் மடங்காமல், குதிகால் தரையை விட்டு எழாமல், உடம்பை மட்டும் சுவரை நோக்கிச் சாயுங்கள். ஆடுசதை இழுபடுவது தெரியும். வலிக்கும் அளவுக்குப் போக வேண்டாம். பத்து எண்ணும் வரை அப்படியே இருந்து, தளர்ந்து, மூன்று முறை செய்யுங்கள். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு காலைக் கட்டிலின் மேல் நீட்டி, பாதத்தை முகம் நோக்கி இழுத்தபடி முன்னால் குனியுங்கள். அதிலும் மூன்று முறை. அடுத்த காலுக்கும் இதே. தடுமாறுபவர்கள் பக்கத்தில் ஆள் வைத்துக்கொள்ளுங்கள். பலர் நாலு நாள் செய்துவிட்டுப் 'பலன் இல்லை' என்று விட்டுவிடுகிறார்கள். ஆறு வாரம் கொடுங்கள்.

நடுராத்திரி பிடித்துக்கொண்டால், முழங்காலை நேராக்கிக் கால்விரல்களை முகம் நோக்கி இழுங்கள். கை எட்டாவிட்டால் துண்டைப் பாதத்தில் மாட்டி இழுக்கலாம்.

நீர் மாத்திரை தவிர, ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்துகளில் நீண்ட நேரம் வேலை செய்யும் சால்மெட்டரால், ஃபார்மோட்டெரால் போன்றவையும் இழுப்போடு தொடர்புடையவை என்று கனடாவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு காட்டியது. கொழுப்பு மாத்திரைக்கும் தொடர்பு தெரிந்தது, ஆனால் மிகச் சிறியது. எனவே இழுப்புக்குப் பயந்து அதைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, சிறுநீரகக் கோளாறு ஆகியவற்றிலும் இது வரும்.

சில வலிகள் இழுப்பே அல்ல. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், அந்தக் காலை அமுக்கிவிட வேண்டாம். நடந்தால் ஆடுசதை வலித்து, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் ரத்தக்குழாய் அடைப்பைப் பார்க்க வேண்டும். சர்க்கரையும் புகைப்பழக்கமும் உள்ளவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. நீர் மாத்திரை எடுப்பவருக்குப் பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

2021-லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீட்டு வாசலுக்கே பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வருகின்றன. நடமாட முடியாதவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் உண்டு. மாத்திரை எந்த வழியில் வந்தாலும் உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். புது மாத்திரை வந்த அன்றே அட்டையின் மேல் பேனாவால் தேதியை எழுதிவையுங்கள். இழுப்பு தொடங்கிய தேதியைக் காலண்டரில் குறியுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், இரண்டு தேதியையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்