மென்பொருள் ஒப்பந்தத்தில் முதலாளி எதைப் பார்த்துக் கையெழுத்திடுவது?

மட்டாஞ்சேரியில் மிளகு, சுக்கு மொத்த வியாபாரம் செய்யும் நம் அன்பர் ஒருவர், கடைக்கு பில்லிங் மென்பொருள் செய்து தரும் கம்பெனியின் ஒப்பந்தத்தைத் தமிழாக்கித் தரும்படி என்னிடம் கேட்டார். செய்யவிருக்கும் வேலையைச் சொல்லும் அந்தப் பத்திரம் ஆங்கிலத்தில் ஏழு பக்கம். வரிக்கு வரி தமிழாக்குவதால் முதலாளிக்கு ஒரு பயனும் இல்லை என்பது என் கருத்து.

"இருப்பு மாட்யூல் முடிந்ததும் 30 சதவீதம் தரப்படும்" என்று ஒரு வரி. முடிந்தது என்று யார் சொல்வது? ரயில்வேயில் காண்டிராக்டருக்குப் பில் போடுமுன் மண் வேலையை டேப் பிடித்து அளந்து மெஷர்மென்ட் புத்தகத்தில் எழுதுவோம். "பெரும்பாலும் முடிந்தது" என்ற பேச்சுக்கு அதில் இடமில்லை. மென்பொருளையும் அப்படி அளக்கலாம். அதற்கு டேப், முதலாளி தன் கையால் போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு பில்.

ஆகவே அந்த வரியை இப்படி மாற்றி எழுதினேன்: "10 சாக்கு மிளகு, மொத்த எடை 512 கிலோ, சாக்குக்கு 1 கிலோ கழிவு என்று கொள்முதல் பதிந்தால் இருப்பில் 502 கிலோ காட்ட வேண்டும். அதைக் கிலோ 600 ரூபாய்க்கு மதுரை வியாபாரிக்கு விற்றால் சரக்கின் விலை 3,01,200, ஐ.ஜி.எஸ்.டி. 5 சதவீதம் 15,060, ஆக மொத்தம் 3,16,260 ரூபாய் என்று பில் வர வேண்டும். அதே சரக்கை எர்ணாகுளம் வியாபாரிக்கு விற்றால் மொத்தம் மாறக்கூடாது. வரி மட்டும் மத்திய, மாநில வரியாக 7,530 வீதம் இரண்டாகப் பிரிய வேண்டும்." விலை உதாரணத்துக்குத்தான். கம்பெனியில் வேலை செய்யும் மலையாளி இளைஞர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. நம் முதலாளிக்கு அவர்களுடைய ஆங்கிலம் புரியாது. எண்கள் இருவருக்கும் ஒன்றே.

சரியாக நடப்பதை மட்டும் எழுதினால் போதாது, நடக்கக் கூடாததையும் எழுத வேண்டும். இருப்பு 502 கிலோ இருக்கும்போது 600 கிலோவுக்குப் பில் போட்டால் மறுக்க வேண்டும். பில் போடும் நடுவில் மின்சாரம் போய் வந்தால் (நம் ஊர் மழைக்காலத்தைச் சொல்லவா வேண்டும்!) ஒரே பில் எண் இரண்டு தடவை வரக்கூடாது. பெரும்பாலும் தகராறு வருவது இந்த இடங்களில்தான்.

சொற்களிலும் கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் 'ஷல்' என்றால் கட்டாயம், 'ஷுட்' என்றால் செய்தால் நல்லது என்ற அளவுதான். தமிழில் இரண்டையும் "வேண்டும்" என்று எழுதிவிட்டால், கம்பெனி ஒப்புக்கொள்ளாததை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். "தமிழ் அச்சை ஆதரிக்கும்" என்ற வாசகத்துக்கும் பொருளில்லை. அதற்குப் பதில், "கொச்சி என்ற சொல்லைக் கடையில் உள்ள பிரிண்டரிலேயே அச்சடித்துக் காட்ட வேண்டும்" என்று எழுதினேன். எழுத்துகளைச் சேர்க்கத் தெரியாத மென்பொருளில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும், அல்லது வெறும் கட்டங்கள் வரும். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

மிக ஆபத்தான வரி கடைசிப் பக்கத்தில் இருந்தது. மென்பொருளை ஒப்படைத்து ஐந்து வேலை நாட்களுக்குள் மறுப்பு வராவிட்டால் "ஏற்றதாகக் கருதப்படும்" என்று எழுதியிருந்தார்கள். சீசனில் ஐந்து நாள் போவதே தெரியாது! இதைப் பேசி மாற்றினோம். கடை ஊழியருக்குப் பயிற்சி தந்து, பழைய இருப்புக் கணக்கையும் ஏற்றிவிட்டோம் என்று கம்பெனி எழுத்தில் தெரிவித்த நாளிலிருந்து பத்து வேலை நாள். அதற்குள் முதலாளி ஒவ்வொரு சோதனைக்கும் எதிரே "சரி" அல்லது "இல்லை" என்று எழுதித் தேதியிட்டுக் கையெழுத்திடுவார். தொகையோ இருப்போ தவறினால் பணம் நிற்கும். எழுத்தின் அளவு, நிறம் போன்ற குறைகளுக்குப் பணத்தை நிறுத்தக் கூடாது. அவற்றைத் தனியாகக் குறித்து, திருத்தித் தர ஒரு தேதி வாங்கிக்கொள்ளலாம்.

கம்பெனிக்கும் நியாயம் வேண்டுமல்லவா? பட்டியலில் இல்லாத ஒன்றை, உதாரணமாகத் தரகர் கமிஷன் கணக்கை, முதலாளி பிறகு கேட்டால் அது புது வேலை. அதற்குத் தனி விலை, தனி நாள். இதையும் தமிழில் எழுதிப் படித்துக் காட்டியபோது நண்பர் முகம் சற்றுச் சுருங்கியது உண்மைதான்.

இன்னொன்று: இரண்டு மொழிப் பிரதிகளுக்கும் முரண்பாடு வந்தால் எது செல்லும் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். சோதனைப் பட்டியலுக்குத் தமிழ்ப் பிரதி, மற்றவற்றுக்கு ஆங்கிலப் பிரதி என்று முடிவு செய்து, இரு தரப்பாரும் இரண்டு பிரதியிலும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டார்கள்.