'விரைவில்' என்பது தேதி இல்லீங்க



போன வாரம் எங்க கோயில் நிர்வாகக் கூட்டத்துல ஒரே ஒரு பத்திக்காக ரெண்டு மணி நேரம் பேச்சு. உள் கணக்காய்வாளர்கள் எழுதின குறை இதுதான்: உண்டியல் பணத்தை எண்ணிய நாளுக்கும் வங்கியில் போட்ட நாளுக்கும் நடுவே 19 நாள். அதுவரை பணம் அலுவலக அலமாரியில் இருந்திருக்கிறது. காசு குறையவில்லை, ஆனா குறைந்திருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது.

நிர்வாகம் எழுதிவைத்த பதில்: "இது கவனத்தில் கொள்ளப்பட்டது. விரைவில் உரிய நடவடிக்கை எடுக்கப்படும்." போன வருஷமும் இதே குறை, இதே பதில்.

ஏன் தாமதம்னு பொருளாளரிடம் கேட்டோம். சில்லறை எண்ணி முடிய நாளாகுமாம். அது முடிந்ததும் நோட்டையும் சேர்த்து ஒரேயடியாகப் போடுவாராம். காரணம் தெரிந்ததும் பதிலை மாற்றி எழுதினோம்:

1. ஜூலை 6, ஞாயிறு எண்ணிக்கையிலிருந்து நோட்டுகள் மறு வேலை நாளே வங்கிக்குப் போகும். சில்லறை தனியாக, 7 நாளுக்குள். பொறுப்பு: பொருளாளர். அவர் இல்லாத நாளில் துணைப் பொருளாளர்.
2. மூன்று பேர் கையெழுத்திடும் எண்ணிக்கைத் தாள் ஜூன் 30க்குள் தயார். பொறுப்பு: செயலாளர்.
3. தாளோடு வங்கி ரசீதை இணைத்து வைக்க வேண்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான ரசீதுகளைக் கணக்காய்வாளர்கள் அக்டோபர் 12 அன்று பார்ப்பார்கள்.

அசல் தாளில் பதவியோடு ஆள் பெயரும் இருக்கிறது. இங்கே போடவில்லை.

"பேரு போட்டா அவரைக் குற்றவாளி ஆக்குற மாதிரி இருக்கே"ன்னு ஒரு பெரியவர் வருத்தப்பட்டார். இல்லைங்க ஐயா. குறைக்குக் காரணம் யார்னு நாங்க எழுதவில்லை, இனிமேல் யார் செய்வார்னுதான் எழுதினோம். 'நிர்வாகக் குழு பொறுப்பு'ன்னு எழுதினா பதினைந்து பேரும் அடுத்தவர் முகத்தைத்தான் பார்ப்பாங்க. தேதியும் நாங்க திணித்ததில்லை. அவரவரே சொன்ன தேதி.

இன்னொருவர், "கணக்காய்வாளர்களே பணத்தைக் கொண்டுபோய்ப் போடட்டுமே" என்றார். அது கூடாது. அப்புறம் அவங்க வேலையை அவங்களே சரிபார்க்கிற மாதிரி ஆகிடும்.

இது எங்க கண்டுபிடிப்பு இல்லை. 2025 ஜனவரி 9 முதல் நடைமுறையில் இருக்கும் உலக உள் கணக்காய்வுத் தரநிலைகளும் இறுதி அறிக்கையில் பொறுப்பாளரும் முடிக்கும் தேதியும் இருக்கணும்னு சொல்கின்றன.

தேதி தவறினால்? பழைய தேதியை அழிக்கக் கூடாது. பக்கத்தில் புதுத் தேதியும் காரணமும் எழுதணும். ஒரே வரியில் மூன்று தேதி சேர்ந்துவிட்டால், அந்த வேலை நடக்கவில்லைன்னு பொதுக்கூட்டத்தில் யாரும் விளக்கிச் சொல்லவே வேண்டாம்.

உங்க கோயில் அறிக்கையில் 'விரைவில்' எத்தனை இடத்தில் வருதுன்னு எண்ணிப் பார்த்து கீழே சொல்லுங்க.