எட்டரை மணிக்கு வரச் சொன்னீர்கள், கதிரைகூட இருக்கவில்லை

எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. அன்று வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும். ஒரு பதவிக்கான நேர்முகப் பரீட்சைக்கு எங்களில் 22 பேருக்குக் கடிதம் வந்தது. எல்லோருக்கும் ஒரே நேரம், காலை 8.30. பொத்துவில் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் வந்த தங்கச்சி ஒருவர் கைக்குழந்தையோடு மர நிழலில் நின்றார்.

நான்கு பேர் கொண்ட சபை. இருவர் வந்திருந்தார்கள். வெளியிலிருந்து வரவேண்டிய விரிவுரையாளருக்கு இரண்டு நாளைக்கு முன்தான் வாட்ஸ்அப்பில் செய்தி போயிருக்கிறது. அன்று காலை அவருக்கு விரிவுரை. மற்றவர் வேறொரு கூட்டத்தில். ஒதுக்கியிருந்த மண்டபத்தில் ஆசிரியர் பயிற்சிச் செயலமர்வு நடந்துகொண்டிருந்தது. “வாயால சொல்லி வைச்சிருந்தமே” என்றார் உத்தியோகத்தர். கடைசியில் பழைய பைல்கள் அடுக்கிய அறையொன்றைத் திறந்தார்கள். முதல் ஆளைக் கூப்பிடும்போது மணி 11.15.

“சேர்மார் பிஸி, என்ன செய்யிற” என்ற பதிலைத்தான் நாங்கள் ஏற்க மறுக்கிறோம். பிஸியாக இருப்பவர்களை ஒரே நேரத்தில் ஒரே அறையில் உட்கார வைப்பதுதானே அந்த வேலை! பாடசாலைகளில் நாங்கள் வருடாவருடம் நேரசூசி போடுகிறோம். இரண்டு பாடசாலைகளுக்குப் பொதுவான ஆசிரியர் இருந்தால் அவருடைய பாடவேளைகளைத்தான் முதலில் போடுவோம். எந்நாளும் பாடசாலையில் இருப்பவரை மிச்ச இடத்தில் நிரப்பலாம். இங்கே நடந்தது தலைகீழ். முதலில் கடிதம், பிறகு சபை, கடைசியில் அறை.

சரியான வழி ஒன்றும் பெரிய வித்தையில்லை. கிடைப்பதற்கு ஆகக் கஷ்டமான ஆள் யார்? வெளி விரிவுரையாளர். “உங்களுக்கு எப்ப வசதி?” என்று அவரைக் கேட்டால் பதில் வராது. மூன்று திகதிகளைக் கொடுத்துக் கேட்க வேண்டும். போயா, பரீட்சைக் காலம், வெள்ளிக்கிழமை எல்லாம் அதற்கு முன்பே கழிந்திருக்க வேண்டும். அவர் ஆம் என்ற திகதிகளை மட்டும் மற்ற மூவரிடம் கொண்டுபோக வேண்டும். குழுவில் போட்ட செய்தியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பவரை ‘சம்மதம்’ என்று கணக்கெடுக்கக் கூடாது. பதில் தராதவருக்கு ஒரு கோல் எடுத்தால் முடிகிற காரியம். இறுதி முடிவு வரும்வரை அந்தத் திகதிகளுக்கு அறையையும் பதிவேட்டில் தற்காலிகமாகப் பிடித்து வைக்க வேண்டும், எத்தனையாம் திகதி வரை என்று எழுதி. முடிவானதும் மிச்சத் திகதிகளை விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்தவர் அறையில்லாமல் அலைவார். இவ்வளவும் முடிந்த பிறகுதான் கடிதம்.

அடுத்தது கணக்கு. ஒருவரோடு பேச 15 நிமிடம், புள்ளியிட 5 நிமிடம் என்று வைத்தால் 22 பேருக்கு 440 நிமிடம். ஏழு மணித்தியாலம் இருபது நிமிடம். ளுஹரும் சாப்பாடும் இதில் இல்லை. ஒரு நாளில் இது நடக்காது என்பது கடிதம் அடிக்கும்போதே தெரிந்திருக்க வேண்டும். நாளுக்கு 11 பேராக இரண்டு காலைகள் என்றால் 8.30க்குத் தொடங்கி 12.10க்கு முடியும். ஆளுக்கொரு நேரம் கொடுத்தால் கைக்குழந்தைக்காரி பத்தரைக்கு வரலாம். ஆனால் அறையை 8.00 முதல் 1.00 வரை எடுக்க வேண்டும். முன்னால் அரை மணி, சபை புள்ளித்திட்டத்தைப் பேசிக்கொள்ள. பின்னால் மிச்சம், புள்ளிகளைக் கூட்டிக் கையொப்பமிட. காத்திருப்பவர்களுக்குப் பக்கத்தில் இன்னொரு அறை வேண்டும், சாவி யாரிடம் என்று முதல் நாளே தெரிந்திருக்கவும் வேண்டும்.

இது வெறும் வசதிப் பிரச்சினையல்ல. அன்று நடந்ததைப் பாருங்கள். ளுஹருக்கு முன் மூன்று பேருக்கு ஆளுக்கு இருபது நிமிடம் கிடைத்தது. 1.15க்கு மீண்டும் தொடங்கியபோது தலைவர் 3 மணிக்குப் போகவேண்டும் என்றார். மிச்சம் 19 பேர், 105 நிமிடம். ஆளுக்கு ஐந்தரை நிமிடம். அதற்கிடையில் சபையில் ஒருவர் எழும்பிப் போய்விட்டார். காலையில் மூவர் போட்ட புள்ளியையும் பின்னேரம் இருவர் போட்ட புள்ளியையும் ஒரே பட்டியலில் எப்படி வரிசைப்படுத்துவது? தெரிவான பிள்ளை தகுதியானவராகவே இருக்கட்டும். தெரிவாகாதவருக்கு என்ன பதில்? ஒருவருக்கு வரமுடியாமல் போனால் யார் அவர் இடத்தில் என்று பதில் உறுப்பினர் ஒருவரைச் சபை அமைக்கும்போதே பெயரிட்டிருந்தால், அவரும் முதல் ஆளிலிருந்தே உட்கார்ந்திருந்தால், இந்தப் பேச்சே வந்திராது.

இதையெல்லாம் எழுத்தில் கேட்டோம். அந்த நேர்முகப் பரீட்சை இரத்து, மீண்டும் நடக்கும் என்றார்கள். நேற்று புதுக் கடிதம் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை, காலை 8.30, 22 பேருக்கும் ஒரே நேரம். அறை எதுவென்று இல்லை.