"உம்மைப் பற்றிக் கூறும்"

புலமைப்பரிசில் நேர்முகத் தேர்வுகளில் பெரும்பாலும் முதலில் கேட்கப்படுவது இதுதான். எமது கிராமத்துப் பிள்ளைகள் பலர் தடுமாறுவதும் இந்த இடத்திலேயே. விடையை எழுதிக் கொடுத்து மனனம் செய்விக்கும் பெரியவர்களாகிய நாமே இதற்குப் பொறுப்பு என்பது எமது கருத்து.

விவசாய டிப்ளோமாக் கற்கைக்கு உதவி கோரிய யாழ்ப்பாணக் குடாநாட்டு மாணவி ஒருவரை நாம் ஒத்திகை பார்த்தோம். பெயர், ஊர், தந்தையின் தொழில், சகோதரர் தொகை, உயர்தரப் பெறுபேறு, வீட்டின் வறுமை என ஒப்புவித்தார். 40 செக்கனில் முடிந்தது. இவை யாவும் விண்ணப்பத்தில் உள்ளவை. வருமானத்துக்குக் கிராம அலுவலரின் சான்றிதழும் இணைக்கப்பட்டிருந்தது. தேர்வாளரின் மேசையில் அந்த விண்ணப்பம் கிடக்கிறது. அதில் இல்லாததையே அவர் அறிய விரும்புகிறார்.

"வீட்டில் நீர் பொறுப்பாகச் செய்யும் வேலை என்ன?" என்று கேட்டோம். "வெங்காயம் கட்டித் தூக்குவது" என்றார். மேலும் கேட்க விடயம் வெளிவந்தது. கொட்டிலில் தொங்கும் வெங்காயம் அழுகுவதைக் கண்டு, ஒரு போகத்தில் ஒரே அளவான இரண்டு பாத்திகளை அவர் வேறாக்கியிருந்தார். ஒன்றுக்கு அறுவடைக்கு 10 நாட்கள் முன்பே நீரை நிறுத்தினார். மற்றதற்கு வழமைபோல் இறைத்தார். இரண்டு மாதத்தின் பின் முதலாவதில் 2 கிலோவும் மற்றதில் 7 கிலோவும் அழுகிக் கழிந்தன. கொப்பியில் குறித்தும் வைத்திருந்தார். இது சொல்லத்தக்க விடயம் என்று அவர் எண்ணியிருக்கவில்லை.

அதையே விடையின் நடுவில் வைத்தோம். தாம் யார் என்பதற்கு 20 செக்கன். வெங்காயக் கதைக்கு ஒரு நிமிடம். அழுகலின் காரணத்தை முறையாகக் கற்கவே இக்கற்கையை நாடுகிறேன் என்பதற்கு அரை நிமிடம். படித்தபின் ஊரில் செய்யவிருப்பதற்கு இறுதி 10 செக்கன். வறுமைக்கு ஒரு வசனம் போதும்.

விடையை முழுமையாக எழுத நாம் விடவில்லை. மனனம் செய்தவரை இடையில் ஒரு கேள்வி கேட்டால் அவருக்கு விட்ட இடம் தெரியாது. "கொட்டில், கொப்பி, கற்கை" என்ற மூன்று சொற்களை மட்டும் நினைவில் வைத்து, மணிக்கூட்டைப் பார்த்து வாய்விட்டுப் பேசினார். விவசாயம் அறியாத அயல்வீட்டு அக்கா ஒருவர் கேட்டுவிட்டுத் திருப்பிச் சொன்னார். அவர் சொல்லத் தவறியவை, மாணவி தெளிவாகக் கூறாதவையாகவே இருந்தன.

"கண்டுபிடித்தேன்" என்பதை "கவனித்தேன்" என்று மாற்றும்படியும் கூறினோம். ஒரு போகத்து அனுபவம் அவ்வளவே தாங்கும். சொல்லும் ஒவ்வொரு சொல்லும் அடுத்த கேள்வியாக வரும். "தலைமைத்துவம் உடையவள்" என்று எழுதிக் கொடுக்கும் ஆசிரியர்கள், "எங்கே காட்டினீர்?" என்ற கேள்விக்குப் பிள்ளை தனியே நின்று விடை கூறவேண்டும் என்பதை எண்ணிப் பார்ப்பார்களா?