நாலாம் ஒழுங்கையில் ஓடும் பிள்ளை

முதலாந் தவணை பிறந்து மழையும் சற்றே ஓய்ந்துவிட்டால், நமது மலைநாட்டுப் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு மைதானம் ஆயத்தமாகும். கயிறும் நாடாவும் சுண்ணாம்புத் தூளுமாக ஆசிரியரும் மாணவரும் அதிகாலையிலேயே புல்வெளியில் இறங்குவர். அவர்கள் இடும் வெண்கோடுகளின் மீது நமக்குள்ள நம்பிக்கை பெரிது. அந்த நம்பிக்கை பல இடங்களிற் பிழையாகின்றது என்பதே இக்கட்டுரையில் நாம் கூற விழைவது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மைதானத்தில் 200 மீற்றர் ஓட்டத்தைக் கண்டோம். எந்தப் பாடசாலை என்பது இங்கு வேண்டாம். முதற் சுற்று ஓட்டங்கள் ஒவ்வொன்றிலும் உள்ளொழுங்கையில் நின்றவனே வென்றான். நாலாம் ஒழுங்கையில் நின்றவன் எவனாயினும் கடைசியாகவே வந்தான். தத்தம் இல்லம் தோற்றதற்காகப் பிள்ளைகள் நாணினர். ஓட்டம் முடிந்தபின் நாடாவை வாங்கி அளந்தோம். நாலாம் ஒழுங்கையின் தொடக்கக் கோடு 11.19 மீற்றர் முன்னே இடப்பட்டிருந்தது. அங்கே இருந்திருக்க வேண்டியதோ 23 மீற்றர். மற்றவன் 200 மீற்றர் ஓடியபோது இப்பிள்ளை ஏறக்குறைய 212 மீற்றர் ஓடியிருக்கின்றான்.

இவ்வளவு பெரிய பிழை எங்ஙனம் நேர்ந்தது? 11.19 என்பது பொய்யான எண் அன்று. கைந்நூலில் உள்ள எண்தான். ஆனால் அது 400 மீற்றர் சுற்றளவுள்ள பாதைக்கு உரியது. அப்பாதையில் 200 மீற்றர் ஓடுபவன் ஒரு வளைவையே கடக்கின்றான். நமது மைதானத்திலோ முழுச் சுற்றே 200 மீற்றர்; ஓடுபவன் இரு வளைவுகளையும் கடக்கின்றான். வளைவு இரண்டானால் முன்தள்ளலும் இரட்டிக்க வேண்டும் என்பதை எண்ணாது, நூலில் 200 என்ற தலைப்பின் கீழ் இருந்ததைப் பெயர்த்து வைத்துவிட்டனர்.

கணிதம் இங்கே மிக எளிது. வட்டத்தின் ஆரை எவ்வளவு கூடினும், பரிதி அதன் 6.28 மடங்கு கூடும். ஆரை பத்துச் சென்ரிமீற்றர் மிகுந்தால் முழுச் சுற்று 63 சென்ரிமீற்றர் மிகும். வட்டம் சிறிதா பெரிதா என்பது பொருளன்று. ஆகவே ஒழுங்கை ஒவ்வொன்றும் 1.22 மீற்றர் அகலமாயின், ஒரு முழுச் சுற்றுக்கு இரண்டாம் ஒழுங்கைக்காரன் 7.67 மீற்றரும், மூன்றாமவன் 15.33 மீற்றரும், நாலாமவன் 23.00 மீற்றரும் முன்னே நிற்றல் வேண்டும். (யார் கணக்கில் ஓடிய மூத்த பழைய மாணவர்கள் இந்த 1.22 மீற்றரைத் தமது நாலடியென்று உடனே கண்டுகொள்வர்.) 400 மீற்றரை இதே பாதையில் இரு சுற்றும் ஒழுங்கை மாறாது ஓடுவித்தால் இவ்வெண்கள் மூன்றும் இரு மடங்காகும்.

கைந்நூலைப் பார்த்தவர்கள் இங்கே ஒரு தடை எழுப்பலாம்: முழுச் சுற்றுக்கு இரண்டாம் ஒழுங்கையின் முன்தள்ளல் 7.04 என்றன்றோ அச்சிட்டிருக்கின்றது? அவ்வெண் உள்விளிம்பில் உயர்ந்த கட்டு அமைந்த பாதைக்கு உரியது. மெய்வல்லுநர் விதிப்படி, கட்டு இருப்பின் முதலாம் ஒழுங்கையை அதிலிருந்து 30 சென்ரிமீற்றர் தள்ளி அளக்கவேண்டும். கால் இடறுமென்று ஓடுபவன் அவ்வளவு விலகியே ஓடுவான் என்பது கருத்து. வெறுங்கோடாயின் 20 சென்ரிமீற்றரே. மற்றைய ஒழுங்கைகளுக்கு எப்போதும் 20. சுண்ணாம்பினால் இட்ட நமது பாதையில் கட்டு ஏது? ஆதலால் இங்கே 7.04 இட்டால், உள்ளே ஓடுபவனுக்கு மற்ற மூவரினும் 63 சென்ரிமீற்றர் இலாபம். அது சிறு அளவு என்று எண்ணுவோர் 2000ஆம் ஆண்டுச் சிட்னி ஒலிம்பிக்கை நினைக்க. அங்கே 200 மீற்றரில் நமது சுசந்திகா ஜயசிங்க ஓடிய நேரம் 22.28 செக்கன், அவருக்கு முன் வந்த பஹாமாஸ் வீராங்கனையின் நேரம் 22.27. அந்த வேகத்தில் செக்கனின் நூறிலொரு பங்கு என்பது ஒன்பது சென்ரிமீற்றர்.

இனிப் பாதை இடும் முறையைச் சொல்லுவோம். எட்டு ஒழுங்கை கொண்ட 400 மீற்றர்ப் பாதைக்கு 177 மீற்றர் நீளமும் 93 மீற்றர் அகலமும் உடைய சமநிலம் வேண்டும். ஹட்டன், நுவரெலியாத் தோட்டப்புறங்களில் மலையை வெட்டிச் சமப்படுத்திய மைதானங்களில் அத்தகைய நிலம் அரிது. ஆனால் நான்கு ஒழுங்கையுள்ள 200 மீற்றர்ப் பாதை 90 மீற்றர் நீளத்திலும் 45 மீற்றர் அகலத்திலும் அடங்கிவிடும்.

மைதானத்தின் நீளவாக்கில் நடுவே ஒரு கயிற்றை இறுக்கிக் கட்டுக. அதன் மத்தியில் நடுமுளை ஒன்றை அறைக. அதிலிருந்து இருபுறமும் 22.51 மீற்றர் அளந்து இரு முளைகள். இவையே வளைவுகளின் மையங்கள். ஒவ்வொரு மையத்திலிருந்தும் கயிற்றுக்குச் செங்குத்தாக இருபுறமும் 17.30 மீற்றர் சென்று முளை இட்டால் நான்கு மூலைகள் கிடைக்கும். செங்கோணத்துக்கு நாடாவில் 6, 8, 10 மீற்றர் கொண்ட முக்கோணம் போதும். மூலைகளைப் பரிசோதிக்கும் வழியொன்றுண்டு. இதனைச் செய்யாது சுண்ணாம்பைத் தொடலாகாது. நடுமுளையிலிருந்து நான்கு மூலைகளும் 28.39 மீற்றராக இருக்கவேண்டும். ஒரு மூலை குறுகி, அதே மையத்தின் மறுபுற மூலை நீண்டிருந்தால், அந்தச் செங்கோணம் சாய்ந்துவிட்டது என்று அறிக. முப்பது மீற்றர் நாடாவே இதற்குப் போதும் என்பது தனிச் சௌகரியம்.

பின்னர் மையங்களிலிருந்து 17.30 மீற்றர் ஆரையில் அரைவட்டங்களும், மூலைகளை இணைக்கும் நேர்க்கோடுகளும். ஓடுபவனின் வழி 20 சென்ரிமீற்றர் வெளியே 17.50 ஆரையில் அமைவதால், இரு வளைவுகளும் சேர்ந்து 109.96 மீற்றர், இரு நேர்பகுதிகள் 90.04, ஆகமொத்தம் 200. அடுத்த கோடுகளுக்கு ஆரை 18.52, 19.74, 20.96, 22.18.

அரைவட்டம் கீறும்போதுதான் கயிறு நம்மை ஏமாற்றும். இழுப்பவன் கைக்கேற்ப அது நீளும். பனியில் நனைந்தால் சுருங்கும். பதினேழு மீற்றர்க் கயிறு பத்துச் சென்ரிமீற்றர் நீள்வது அரிய செயலன்று. நீண்டால் முன்சொன்ன அதே 63 சென்ரிமீற்றர் சுற்றிற் கூடிவிடும். ஆகையால் நேர்க்கோட்டுக்குக் கயிறு, ஆரைக்கு நாடா என்று வரையறுத்துக்கொள்ளுதல் நன்று. சுண்ணாம்புக் கோட்டின் அகலம் ஐந்து சென்ரிமீற்றர். அது அளவுக் குறியின் உட்புறமாகவே எங்கும் விழவேண்டும். ஒரு கோட்டை உள்ளும் அடுத்ததை வெளியும் இட்டால் ஒழுங்கையின் அகலமே மாறிவிடும். நீற்றிய சுண்ணாம்பையே கொள்க. நீறாத சுண்ணாம்பு ஈரப் புல்லிலும் வியர்த்த காலிலும் வெந்து புண்ணாக்கும். கண்ணிற் பட்டால் கேடு பெரிது.

தொடக்கக் கோடுகளை இடுவது கடைசி வேலை. களைப்பு மிகுந்த நேரமாதலாற் பிழையும் அங்கேயே மலியும். முடிவுக் கோடு நேர்பகுதியின் இறுதியில், முதல் வளைவு தொடங்கும் மூலையில் அமையட்டும். முதலாம் ஒழுங்கைக்காரன் அக்கோட்டிலேயே நிற்பான். நாலாமவனுக்கு 23 மீற்றர் வேண்டுமென்று, நாடாவை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேராக இழுத்து அளப்போர் உளர். நாடா நாணாகக் குறுக்கே செல்கின்றது. ஓடுபவனோ வில்லின்வழிச் செல்கின்றான். நேராக 23 மீற்றர் அளந்தால் உண்மையில் 24.32 மீற்றர் முன்னே போய்விடுவோம். இப்போது வெளியே நிற்பவனுக்கு 1.32 மீற்றர் இலாபம். இதற்கு இருவழிகள் உண்டு. ஒழுங்கையின் உட்கோட்டிலிருந்து 20 சென்ரிமீற்றர் வெளியே, மீற்றருக்கொரு சிறு ஆணியாக ஊன்றி, அவற்றை ஒட்டி நாடாவை வளைத்து அளக்கலாம். அன்றேல், அதே ஓட்டவழியில் முடிவுக் கோட்டிலிருந்து நேர்நாணாகவே அளந்து, இரண்டாம் ஒழுங்கைக்கு 7.61, மூன்றாவதற்கு 14.96, நாலாவதற்கு 21.88 எனக் குறிக்கலாம். இவ்வெண்கள் இப்பாதைக்கு மாத்திரமே உரியன. ஆரை மாறினால் இவையும் மாறும். குறித்த இடத்தில் தொடக்கக் கோட்டை இடும்போது, வளைவின் மையமுளையிலிருந்து கயிறு இழுத்து அதன்வழியே இடுக. கண்மதிப்பில் இட்ட கோடு சாய்ந்தே நிற்கும்.

எல்லாம் முடிந்தபின் நாலாம் ஒழுங்கையை மட்டுமாவது தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரு முறை அளந்து பார்த்தல் வேண்டும். இருவர் சேர்ந்தால் அரைமணி நேர வேலை. இருநூறுக்குப் பதிலாக இருநூற்றைந்து வந்தால் அன்றைக்கே திருத்தலாம். பரிசளித்தபின் திருத்த இயலாது.

நமது பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். விழாத்தோறும் கிண்ணங்கள் வழங்குகின்றோம், நல்லதே. இவ்வாண்டு ஒரு கிண்ணத்தைக் குறைத்து, ஐம்பது மீற்றர் எஃகு நாடா ஒன்றை வாங்கித் தருவோமாக. அதனினும் முக்கியமானது, நடுமுளைக்கும் இரு மையங்களுக்கும் உரிய இடத்தில் இரும்புக் குழாய்த் துண்டுகளைச் சீமெந்தில் நிறுத்திப் புதைத்துவிடுதல். மலைநாட்டு மழை எக்கோட்டையும் ஒரு வாரம் விட்டுவைப்பதில்லை. ஆண்டுதோறும் புதிதாக மையம் தேடுவதால் ஆண்டுதோறும் புதுப் பிழை பிறக்கின்றது. குழாயின் வாய் புல்வேருக்குக் கீழே நாலு விரற்கடை தாழ்ந்திருக்கட்டும். உதைபந்தாடும் பிள்ளைகளின் காலுக்கு அது தட்டக்கூடாது. ஒவ்வொரு குழாயும் மண்டபத்தின் எந்தெந்த மூலையிலிருந்து எத்தனை மீற்றர் என்பதை ஒரு தாளில் எழுதி, ஒரு பிரதியை அதிபரின் அலுவலகத்திலும் மற்றொன்றை விளையாட்டுச் சாமான்கள் வைக்கும் அறையின் கதவின் உட்புறத்திலும் ஒட்டிவைப்போம்.