மாணிக்கமா, மச்சினனா?

நடராஜருக்கு ஐந்து சபைகள். சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, நெல்லையில் தாமிரம், குற்றாலத்தில் சித்திரம். எங்கள் திருவாலங்காட்டுக்குக் கிடைத்தது ரத்தினம். அதனால்தானோ என்னவோ, இந்தப் பக்கத்தில் பாட்டி காலத்துச் சிவப்புக்கல் எந்த வீட்டுப் பெட்டியிலிருந்து வெளியே வந்தாலும், 'அசல் மாணிக்கமாக்கும்!' என்ற முன்னுரையோடுதான் வரும். கூடவே பரீட்சையும் ஒன்று சொல்வார்கள். கல்லைப் பாலில் போட்டால் பால் சிவக்குமாம். வெளிச்சத்தில் பிடித்தால் எந்தச் சிவப்புக் கண்ணாடித் துண்டும் பாலில் கொஞ்சம் சிவப்பு காட்டும். பால் காபிக்காவது உதவியிருக்கும்!

விஷயம் இதுதான். மாணிக்கத்துக்கு அச்சு அசலாக ஒரு மச்சினன் உண்டு. பெயர் ஸ்பினல். இரண்டுக்கும் சிவப்பைக் கொடுப்பது ஒரே ஆசாமி, குரோமியம். பர்மாவின் மோகோக்கிலும் இலங்கை ரத்தினபுரியிலும் இரண்டும் ஒரே சரளை மண்ணில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. உள்கட்டுதான் வேறு. மாணிக்கம் என்பது அலுமினியமும் ஆக்ஸிஜனும். நம்ம ஊர்க் குருந்தக்கல்லின் ராஜ வம்சம். 'கொரண்டம்' என்று வெள்ளைக்காரன் சொல்வதே நம் 'குருந்தம்'தான். ஸ்பினலில் கூடுதலாக மக்னீசியமும் உண்டு. அது நுழைந்ததும் படிக அமைப்பே மாறிவிடுகிறது.

ஏமாந்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. இங்கிலாந்து மகுடத்தின் நெற்றியில் கோழிமுட்டை சைஸில் ஒரு சிவப்புக்கல் இருக்கிறதே, அதன் பெயர் 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்'. 1367-ல் ஸ்பெயின் தேசத்து பெட்ரோ ராஜா, சண்டையில் உதவியதற்காக இளவரசர் எட்வர்டுக்குக் கொடுத்தது. சுமார் 170 காரட். பெயர்தான் மாணிக்கம், கல் ஸ்பினல். ஐரோப்பாவில் இரண்டும் வேறு வேறு தாது என்று ரோமே தெலில் என்ற பிரெஞ்சுக்காரர் பிரித்துக் காட்டியதே 1783-ல்தான். நம் முகலாயர்கள் தேவலை. பதக்ஷானிலிருந்து வந்த ஸ்பினலுக்கு 'லால்' என்றும், மாணிக்கத்துக்கு 'யாகூத்' என்றும் தனித்தனிப் பெயர் வைத்திருந்தார்கள். லாலை மட்டமாகவும் நினைக்கவில்லை. தங்கள் பெயரையே அதில் பொறித்துக்கொண்டார்கள்.

சரி, நாம் எப்படிக் கண்டுபிடிப்பது? கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், மனைவியின் பாட்டி பதக்கத்திலிருந்து கழன்று விழுந்த கல்லைக் கொண்டுவந்தார். கடைக்காரர் ஒருவர் நீல விளக்கடியில் காட்டி, "பாருங்க, தணல் மாதிரி ஜொலிக்குது. மாணிக்கம்தான்" என்று சொல்லிவிட்டாராம். அது சாட்சியே இல்லை. அந்த விளக்கில் ஸ்பினலும் ஜொலிக்கும். ஃபேக்டரியில் செய்த மாணிக்கம் இன்னும் பிரமாதமாக ஜொலிக்கும்!

தெரிந்த ஆசாரி ஒருவரின் பட்டறையில் எலெக்ட்ரானிக் காரட் தராசு இருந்தது. முதலில் கல்லை அப்படியே எடை போட்டோம். 7.20 காரட். பிறகு ஒரு சின்னக் கப்பில் தண்ணீர் வைத்துத் தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தோம். கல்லை மெல்லிய நூலில் கட்டி, கை நடுங்கினால் கணக்கு நடுங்கும் என்பதால் நூலை ஒரு குச்சியில் மாட்டி, கப்பின் அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டோம். இப்போது தராசு காட்டுவது கல்லின் எடை அல்ல. கல் இடம்பிடித்துக்கொண்ட அளவு தண்ணீரின் எடை. வந்தது 2.01. பி.காமில் நான் படித்த கணக்கு இதற்குப் போதும். 7.20-ஐ 2.01-ஆல் வகுத்தால் 3.58. மாணிக்கமாக இருந்தால் 4-ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும், அதாவது தராசு 1.80 காட்டியிருக்க வேண்டும். ஸ்பினலுக்கு 3.60. நண்பர் முகம் ஒரு சுற்று இளைத்தது.

இதில் இரண்டு ஜாக்கிரதை. கல்லில் காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டால் கணக்கு கெட்டுவிடும். தண்ணீரில் ஒரு சொட்டு சோப்புக் கரைசல் விடுங்கள். கல் ஒரு காரட்தான் என்றால் மாணிக்கத்துக்கு 0.25, ஸ்பினலுக்கு 0.28. அந்த 0.03-ஐ நம்பித் தீர்ப்பு எழுத முடியாது. நகையில் பதித்த கல்லுக்கும் இந்த வித்தை செல்லாது.

அங்கே உதவுவது டைக்ரோஸ்கோப். விரல் நீளக் குழாய். வெள்ளை வெளிச்சத்துக்கு எதிரே கல்லைப் பிடித்து இதன் வழியே பார்த்தால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஜன்னல் தெரியும். மாணிக்கம் தனக்குள் நுழைந்த ஒளியை இரண்டாகப் பிரிக்கும். அதனால் ஒரு ஜன்னல் ஆரஞ்சு கலந்த சிவப்பு, மற்றது ஊதா கலந்த சிவப்பு. ஸ்பினலில் இரண்டும் ஒரே சிவப்பு. ஆனால் மாணிக்கத்திலும் ஒரு திசையில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆகவே கல்லை மூன்று நான்கு பக்கம் திருப்பிப் பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது. நண்பர் கல்லில் எப்படித் திருப்பினாலும் ஒரே சிவப்பு. கண்ணாடியும், கோமேதகத்தின் சொந்தக்காரனான சிவப்பு கார்னெட்டும்கூட ஒரே நிறம்தான் காட்டும். ஆனால் சிவப்பு கார்னெட்டின் கணக்கு பொதுவாக 3.7-க்கு மேலே போய்விடும். கண்ணாடி என்றால் பூதக்கண்ணாடியில் பெரும்பாலும் உருண்டைக் குமிழி தெரியும். இதில் குமிழி இல்லை. குட்டிக் குட்டி எண்முகப் படிகங்கள் வரிசையாக நின்றன. அது ஸ்பினலின் கையெழுத்து.

இரட்டை நிறமும் தெரிந்து, 4-ம் வந்தால் மாணிக்கம்தான். ஆனால் பூமியில் விளைந்ததா, உலையில் விளைந்ததா? இந்த இரண்டு பரீட்சையும் அதைச் சொல்லாது. அதற்குப் பரிசோதனைக்கூடம்தான் கதி.

"அப்போ விலை போச்சா?" என்றார் நண்பர். விலைக்கு வருவோம். 2015-ம் வருஷம் ஜெனீவாவில் 25.59 காரட் 'சன்ரைஸ் ரூபி' சுமார் மூன்று கோடி டாலருக்கு ஏலம் போனது. அதே வருஷம் லண்டனில் 50.13 காரட் 'ஹோப் ஸ்பினல்' சுமார் 15 லட்சம் டாலர். காரட்டுக்குக் கணக்குப் போட்டால் மாணிக்கம் ஏறக்குறைய நாற்பது மடங்கு. சன்ரைஸ் உயர்ந்த சிவப்பு, ஹோப் இளஞ்சிவப்பு. அதையும் தள்ளுபடி செய்து பார்த்தாலும் தூரம் தூரம்தான்.

ஸ்பினல் மலிவாகக் கிடைப்பதால் இந்த விலை என்று நினைத்தால் தப்பு. நல்ல சிவப்பு ஸ்பினல் மாணிக்கத்தைவிட அபூர்வம் என்பார்கள் வியாபாரிகள். பிரச்னை தேவையில்தான். நவரத்தினத்தில் ஸ்பினலுக்கு நாற்காலி இல்லை; சூரியனுக்கு மாணிக்கம் போடச் சொல்லும் ஜோசியர் மச்சினனைச் சிபாரிசு செய்வதில்லை. சரக்கு தொடர்ந்து வராததால் கடைக்காரர் விளம்பரம் செய்வதுமில்லை. போதாக்குறைக்கு, இருபதாம் நூற்றாண்டில் உலையில் செய்த ஸ்பினலை நீலக்கல், அக்வாமரீன் வேஷமெல்லாம் போடவைத்து விற்றார்கள். அதில் ஸ்பினல் என்றாலே டூப்ளிகேட் என்று பேர் கெட்டுப்போனது. 2007-ல் தான்ஸானியாவின் மஹெங்கேயில் பெரிய படிகங்கள் கிடைத்த பிறகு கொஞ்சம் மவுசு ஏறியிருக்கிறது. ஆனாலும் மாணிக்கத்தை எட்டவில்லை.

நண்பருக்கு ஆறுதலாக ஒன்று சொன்னேன். கடைகளில் சல்லிசாக விற்கும் மாணிக்கம் பலதில் விரிசலை ஈயக் கண்ணாடி ஊற்றி அடைத்திருப்பார்கள். எலுமிச்சம்பழச் சாறு பட்டாலே அந்தக் கண்ணாடி அரிக்கும். ஆசாரியின் ஊதுகுழல் பட்டால் கேட்கவே வேண்டாம். ஸ்பினலுக்குப் பெரும்பாலும் இந்த ஒப்பனை கிடையாது. அந்த மாதிரி மாணிக்கத்தைவிடப் பாட்டியின் ஸ்பினல் நிச்சயம் அதிக விலை பெறும்.

"ஜோசியர் கேட்டா?" என்றார். அது அவருக்கும் ஜோசியருக்கும் சூரியனுக்கும் உள்ள விவகாரம். நீங்கள் சிவப்புக்கல் வாங்கினால், பில்லில் 'சிவப்புக்கல்', 'கெம்பு' என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். மாணிக்கமா ஸ்பினலா, இயற்கையா செயற்கையா, சூடு காட்டியதா, கண்ணாடி அடைத்ததா என்று நாலையும் எழுதி, கல்லின் எடையையும் போடச் சொல்லுங்கள். எழுத மறுத்தால், கல்லைத் தட்டிலேயே வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.